வீங்கிய பை கெட்ட பையா? தோசை மாவுப் பொட்டலத்தைப் படிக்கும் முறை

"டீச்சர், கடையில வாங்குன தோசை மாவு பை பந்து மாதிரி வீங்கிடுச்சு. கெட்டுப்போச்சுன்னு அம்மா குப்பையில போட்டுட்டாங்க. இன்னொரு கம்பெனி மாவு ரெண்டு வாரமா ஐஸ்பெட்டியில இருக்கு. அது வீங்கவே இல்ல. அதுதானே நல்ல மாவு?"

மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் என்னிடம் கேட்ட கேள்வி இது. நம்மில் பலரும் அவளுடைய அம்மாவைப் போலத்தான் நினைக்கிறோம். வீங்கினால் கெட்டது, வீங்காவிட்டால் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மை அவ்வளவு எளிதானதல்ல. அதைப் புரிந்துகொள்ள, பைக்குள் யார் வேலை செய்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம்.

மாவைப் பொங்க வைப்பது யார்?

வீட்டில் அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, அரைத்து, உப்புப் போட்டுக் கலக்கி, இரவு முழுவதும் மூடி வைக்கிறோம். ரொட்டிக்குப் போடுவதைப் போல ஈஸ்ட் எதையும் நாம் போடுவதில்லை. ஆனாலும் காலையில் மாவு பொங்கி நிற்கிறது. காரணம், அரிசியின் மீதும் உளுந்தின் மீதும் இயற்கையாகவே ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அவற்றுள் முக்கியமானது லியூக்கோனோஸ்டாக் என்னும் இனம். இது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு இரண்டு பொருள்களை வெளிவிடுகிறது. ஒன்று லாக்டிக் அமிலம், மற்றொன்று கரிவளி.

கரிவளி மாவுக்குள் குமிழ்களாக நிறைகிறது. உளுந்திலுள்ள புரதமும் வழவழப்பான பொருளும் அந்தக் குமிழ்களை வெளியேற விடாமல் பிடித்து வைக்கின்றன. அதனால்தான் இட்லி பஞ்சு போல் வருகிறது. உளுந்து குறைந்தால், எவ்வளவு புளித்தாலும் இட்லி கல்லாகிவிடும்.

லாக்டிக் அமிலத்துக்கு வேறொரு வேலை. அது புளிப்புச் சுவையைத் தருவதோடு மாவுக்குக் காவலாகவும் இருக்கிறது. அரைத்த மாவின் பிஎச் மதிப்பு ஏறக்குறைய 6 இருக்கும். நன்றாகப் புளித்ததும் அது 4.5 வாக்கில் இறங்கிவிடும். அந்த அளவு அமிலத்தில் நோய் தரும் பாக்டீரியாக்கள் பலவற்றால் எளிதாகப் பெருக முடியாது.

ஆக, புளித்த மாவு உயிருள்ள பொருள். உயிருள்ள மாவை ஒரு பையில் அடைத்து மூடினால், கரிவளி போக இடமில்லாமல் பை வீங்கத்தான் செய்யும். அதனால்தான் சில நிறுவனங்கள் பையில் காற்று வெளியேறச் சிறு துளை வைக்கின்றன. அப்படிப்பட்ட பை வீங்காது. உள்ளே பாக்டீரியாக்கள் சுறுசுறுப்பாகவே இருக்கும்.

மாவை நிறுத்தி வைக்கும் மூன்று வழிகள்

மாவைத் தயாரிப்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு. மாவு புளிக்க வேண்டும், ஆனால் கடையில் விற்கும் வரை அதற்கு மேல் புளிக்கக் கூடாது. இதற்குப் பொதுவாக மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

முதல் வழி, குளிர். புளித்த மாவை, அல்லது பாதி புளித்த மாவை, 4 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். பாக்டீரியாக்கள் சாவதில்லை, அவற்றின் வேலை மெதுவாகிறது. இந்த மாவின் ஆயுள் சில நாள்கள்தான்.

இரண்டாம் வழி, பதப்பொருள். பொட்டாசியம் சோர்பேட், சோடியம் பென்சோயேட் போன்றவை பூஞ்சையும் ஈஸ்ட்டும் வளர்வதைத் தடுக்கின்றன. இவை அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். எனவே சிட்ரிக் அமிலத்தையும் உடன் சேர்ப்பதுண்டு. இந்த மாவும் குளிரில்தான் இருக்க வேண்டும், ஆனால் தேதி நீளும்.

மூன்றாம் வழி, ஈரத்தை எடுத்துவிடுவது. சாதாரண அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும் உடனடி மாவுப் பொடி இந்த வகை. தண்ணீர் இல்லாமல் நுண்ணுயிர் பெருகாது. ஆனால் உலர்ந்த பொடி புளிப்பதும் இல்லை. அப்படியானால் இட்லி எப்படி உப்புகிறது? சமையல் சோடாவும் ஓர் அமிலமும் பொடியில் கலந்திருக்கும். தண்ணீர் ஊற்றியதும் இரண்டும் வினைபுரிகின்றன:

NaHCO₃ + H⁺ → Na⁺ + H₂O + CO₂

இங்கேயும் கிடைப்பது அதே கரிவளிதான். ஆனால் பாக்டீரியா ஓர் இரவு முழுவதும் செய்யும் வேலையைச் சோடா சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. குமிழ் கிடைக்கிறது, புளித்த மாவின் மணம் கிடைப்பதில்லை. சோடா கூடிப்போனால் இட்லி மஞ்சள் நிறமாகி, சவர்க்காரச் சுவை தட்டும்.

லேபிளை எப்படிப் படிப்பது?

பேரங்காடியில் மூன்று பொட்டலங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் பொட்டலத்தில் அரிசி, உளுந்து, வெந்தயம், தண்ணீர், உப்பு என ஐந்தே பொருள்கள். ஆயுள் 7 நாள்கள், குளிர்பெட்டியில் வைக்கவும் என்று எழுதியிருக்கிறது. இதை நிறுத்தி வைப்பது குளிர் மட்டுமே. வாழும் மாவு இது.

இரண்டாவதில் அதே பொருள்களோடு 202, 330, 500 என்ற எண்கள் உள்ளன. ஆயுள் 21 நாள்கள். 202 என்பது பொட்டாசியம் சோர்பேட், 330 சிட்ரிக் அமிலம், 500 சோடா வகை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு சந்தேகம் எழ வேண்டும். புளிப்பு சிட்ரிக் அமிலத்திலிருந்தும், குமிழ் சோடாவிலிருந்தும், நீண்ட ஆயுள் சோர்பேட்டிலிருந்தும் வந்திருக்கலாம். மாவு உண்மையில் எவ்வளவு நேரம் புளித்தது என்று லேபிள் சொல்லாது.

மூன்றாவது உலர்ந்த பொடி. ஆயுள் பல மாதங்கள், குளிர்பெட்டி தேவையில்லை.

இதிலிருந்து ஒரு விதியை நினைவில் கொள்ளலாம். ஈர மாவுக்கு நீண்ட ஆயுள் இருந்தால், அதற்கான காரணம் லேபிளில் இருக்க வேண்டும். ஐந்தே பொருள்களும் நீண்ட தேதியும் ஒன்றாக வந்தால், எப்படி என்று கேளுங்கள். நம் நாட்டு லேபிள் சிலவற்றில் எண் இருக்காது. 'மெங்கண்டுங்கி பாஹான் பெங்காவெட் யாங் டிபெனார்கான்', அதாவது அனுமதிக்கப்பட்ட பதப்பொருள் கலந்தது என்ற வாக்கியம் மட்டும் சிறிய எழுத்தில் இருக்கும். அதையும் தேடிப் பாருங்கள்.

பதப்பொருள் இருக்கிறது என்பதாலேயே மாவு கெடுதி ஆகிவிடாது. அனுமதிக்கப்பட்ட அளவில் சேர்த்தால் பூஞ்சை வராமல் காக்கிறது. வாரம் ஒரு முறை மட்டும் தோசை சுடும் வீட்டுக்கு அது பொருத்தமாகவும் இருக்கலாம். ஆனால் இயற்கையாகப் புளித்த மாவு வேண்டும் என்றால், குறைந்த பொருள்களும் குறைந்த நாள்களும் உள்ள பொட்டலத்தை எடுக்க வேண்டும்.

தேதி சொல்லாத ஒன்று

லேபிளில் உள்ள தேதி ஒரு நிபந்தனையோடு வருகிறது. தயாரிப்பிடத்திலிருந்து உங்கள் வீடு வரை மாவு குளிரில் இருந்தால்தான் அந்தத் தேதி செல்லும்.

ஒரு சனிக்கிழமையைக் கற்பனை செய்யுங்கள். காலை 11 மணிக்குக் கடைக்குப் போனதும் முதல் வேலையாக மாவை எடுத்துக் கூடையில் போடுகிறோம். மற்ற பொருள்களை வாங்க ஒரு மணி நேரம். பிறகு மாவைக் காரின் பின்புறத்தில் வைத்துவிட்டு, சாப்பிட்டு, உறவினர் வீட்டுக்கும் போய் வருகிறோம். வீடு திரும்ப மணி மூன்று. வெயிலில் நின்ற காரின் உட்புறம் வெளியைவிடப் பல பாகை சூடாக இருக்கும். 4 பாகையில் அடங்கிக் கிடந்த பாக்டீரியாக்களுக்கு இது விழித்தெழும் நேரம். குளிர்ந்த மாவில் கரைந்திருந்த கரிவளியும் சூட்டில் வெளியேறுகிறது. பை பந்தாகிறது.

அந்த மாணவியின் வீட்டில் வீங்கிய பைக்கும் இப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட மாவு கெட்டுவிட்டது என்பதைவிட, வேகமாகப் புளித்துவிட்டது என்பதே சரி. தேதிக்குள் இருந்து, மணமும் நிறமும் சரியாக இருந்தால், அன்றே தோசையாகச் சுட்டுவிடலாம். ஆனால் லேபிளில் மிச்சமிருக்கும் நாள்களை இனி நம்ப முடியாது. எனவே மாவைக் கடைசியாக எடுத்து, நேராக வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். கடையிலும் அடுக்கின் முன்புறத்தில் இருக்கும் பையைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

நம் வீடுகளில் முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, அதற்கும் பிறகு ஊத்தப்பம் என்று ஒரு வழக்கம் உண்டு. இதிலும் அறிவியல் இருக்கிறது. நாளாக ஆக மாவிலிருந்து கரிவளி வெளியேறுகிறது, புளிப்பு ஏறுகிறது. இட்லிக்குக் குமிழ் வேண்டும், தோசைக்கு அவ்வளவு வேண்டாம். ஊத்தப்பத்தில் வெங்காயமும் மிளகாயும் அந்தப் புளிப்பைச் சமாளித்துவிடும்.

எப்போது தூக்கிப் போடுவது?

மேலே சற்றுத் தண்ணீர் பிரிந்து நிற்பது கெட்டதற்கு அடையாளமல்ல, கலக்கினால் போதும். புளிப்பு மணமும் இயல்பானதே. ஆனால் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கறுப்பு எனப் புள்ளிகள் தெரிந்தால், அழுகிய நாற்றம் வந்தால், கரண்டியில் எடுக்கும்போது வழக்கமில்லாதபடி நூல் நூலாக இழுத்தால், முழு மாவையும் கொட்டிவிட வேண்டும். மேலே உள்ளதை மட்டும் வழித்தெடுப்பது தவறு, பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். சுவைத்துப் பார்க்கவும் வேண்டாம். வேகவைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணமும் ஆபத்தானது. வெப்பம் பாக்டீரியாவைக் கொன்றாலும், அவற்றுள் சில விட்டுச்சென்ற நச்சு அழியாமல் இருக்கக்கூடும்.

கண்ணாடிக் குவளைச் சோதனை

அந்த மாணவியிடம், இரண்டு வாரமாக வீங்காத மாவைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னேன். நீங்களும் செய்யலாம். நேரான இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பாதியளவு மாவை ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி சீனியைக் கலக்குங்கள். மாவின் மட்டத்தில் ரப்பர் வளையம் போட்டு, தட்டால் மூடி, சமையலறையில் ஆறு மணி நேரம் வையுங்கள்.

இரண்டும் உயர்ந்தால் மாவு உயிரோடு இருக்கிறது. சீனி போட்டது மட்டும் உயர்ந்தால், பாக்டீரியாக்கள் இருக்கின்றன, உணவுதான் தீர்ந்துவிட்டது. இரண்டுமே அசையாவிட்டால், அந்த மாவில் வேலை செய்பவர்கள் அனேகமாக இல்லை. இதில் ஒரு கவனம் தேவை. சோர்பேட் லாக்டிக் பாக்டீரியாக்களை முழுமையாக நிறுத்தாது. ஆகவே மாவு உயர்ந்ததை வைத்து மட்டும் பதப்பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. அதற்கு லேபிள்தான் சாட்சி. சோதனை முடிந்த மாவைச் சமைக்காமல் கொட்டிவிடுங்கள்.

மறுநாள் அவள் வந்து சொன்னாள்: "ரெண்டு குவளையும் அசையவே இல்ல டீச்சர். லேபிளைப் பார்த்தேன், 202 இருக்கு."

வீங்காத அந்தப் பை கெட்ட மாவு என்று நான் சொல்லவில்லை. குப்பைக்குப் போன பைதான் அந்த இரண்டில் உயிரோடு இருந்த மாவாக இருக்கக்கூடும் என்று மட்டும் சொன்னேன்.