ருமேட்டிக் இருதய நோய்: பென்சிலின் ஊசியை ஏன் பல ஆண்டுகள் போட வேண்டும்?

கமுந்திங் – "பிள்ளை நன்றாக ஓடியாடுகிறான். இன்னும் எதற்கு ஊசி?" ருமேட்டிக் இருதய நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கும் எழும் கேள்வி இது.

இந்நோய் தொண்டையில்தான் தொடங்குகிறது. 'ஸ்ட்ரெப்' எனும் கிருமியால் தொண்டை வலி வரும்போது, அதை எதிர்க்க உடல் உருவாக்கும் சக்தி சிலருக்குச் சொந்த இருதய வால்வையே தாக்கிவிடுகிறது. வால்வில் விழுந்த தழும்பைப் பென்சிலின் ஆற்றாது. ஆனால், அதே கிருமி மீண்டும் தொற்றினால் வால்வு மேலும் கெடும். அந்த அடுத்த தாக்குதலைத் தடுக்கவே ஊசி போடப்படுகிறது. இத்தொற்று சில வேளைகளில் வலியே இல்லாமல் வந்துபோகும். ஆகவே, தொண்டை வலித்த பிறகு மருந்து எடுக்கலாம் என்று காத்திருக்க முடியாது.

'பென்சத்தின் பென்சிலின்' எனும் இம்மருந்து தசையில் தங்கி, சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கிறது. மூன்று, நான்கு வாரங்களில் அதன் அளவு குறைந்துவிடும். அதனால்தான் 3 அல்லது 4 வாரத்திற்கு ஒரு முறை ஊசி. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 12 லட்சம் யூனிட். எடை குறைந்த சிறுவர்களுக்கு அதில் பாதி.

உதாரணத்திற்கு, கமுந்திங்கில் வசிக்கும் 12 வயது மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். நான்கு வாரத்திற்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 13 ஊசி. தேர்வு, பள்ளி விடுமுறை, தீபாவளி என்று தள்ளிப்போட்டு ஆறு வாரத்திற்கு ஒரு முறை போனால், ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் பாதுகாப்பின்றிக் கழிகிறது. கணக்கிட்டால் ஆண்டில் ஏறக்குறைய நான்கு மாதம்!

எத்தனை ஆண்டுகள் என்பது வால்வின் நிலையைப் பொறுத்தது. இருதயம் பாதிக்கப்படாதவருக்குக் கடைசித் தாக்குதலிலிருந்து 5 ஆண்டுகள் அல்லது 21 வயது வரை, இதில் எது நீண்டதோ அதுவரை ஊசி தொடரும். வால்வு கடுமையாகச் சேதமடைந்திருந்தால் 40 வயது வரை, சிலருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படலாம். அறுவை சிகிச்சையில் வால்வை மாற்றிய பிறகும் ஊசி தொடரும்; மற்ற வால்வுகளைக் காக்க வேண்டுமே.

உகாண்டாவில் தொடக்க நிலை நோய் கண்ட 818 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-இல் அச்சில் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில், ஊசி போடாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கு நோய் முற்றியது. போட்டவர்களில் அது 0.8 விழுக்காடு மட்டுமே.

வலிக்குப் பயந்து நிறுத்த வேண்டாம். மருந்துக் குப்பியைக் கையில் வைத்துச் சூடாக்கி, மெதுவாகச் செலுத்தும்படி தாதியிடம் கேட்கலாம். தேதி தவறிவிட்டால் அடுத்த மாதம் வரை காத்திராமல் உடனே கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், ஒரு மூட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் வலி, மூச்சு வாங்குதல் ஆகியவை மீண்டும் தாக்குதல் வந்ததற்கான அறிகுறிகளாக இருக்கலாம். முன்பு ஊசிக்குப் பின் உடல் தடித்ததோ, மயக்கமோ ஏற்பட்டிருந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கடுமையான வால்வு நோய் உள்ள சிலருக்கு ஊசிக்குப் பதில் மாத்திரை தரப்படுவதும் உண்டு.