அனுப்பிய பில்லில் கை வைக்கலாமா?

ஒரு மொத்தக் கடை, ஒன்று 2,000 ரூபாய் வீதம் 40 மின்விசிறிகளுக்கு பில் போடுகிறது. சரக்கு 80,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 14,400, மொத்தம் 94,400 ரூபாய். சரக்கை இறக்கி எண்ணினால் 38தான் இருக்கிறது. கடைக்காரர் பழைய பில்லைத் திறந்து 40-ஐ 38 ஆக்கிச் சேமித்துவிடுகிறார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாங்கியவர் கையில் இருக்கும் பில்லில் வரி 14,400. விற்றவர் கணினியில் 13,680. ஒரே எண்ணில் இரண்டு பில்கள். 720 ரூபாய் ஏன் இடிக்கிறது என்று கணக்கர் தேடினால், பழைய தொகை இருந்த சுவடே இருக்காது.

நல்ல மென்பொருள் இதற்கு இடம் கொடுக்காது. பில் முதலில் 'வரைவு' நிலையில் இருக்கும். அப்போது எதையும் திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். 'வெளியிடு' என்று அழுத்தியதும்தான் வரிசை எண் கிடைக்கும். வரைவுக்கே எண் கொடுத்துவிட்டால், அதை அழிக்கும்போது வரிசையில் ஓட்டை விழும், ஜி.எஸ்.டி. விதிகளோ தொடர்ச்சியான எண் கேட்கின்றன. வெளியான பில் பூட்டப்படும். திரையில் பட்டனை மறைப்பது மட்டும் பூட்டு ஆகாது. எந்த வழியாக மாற்ற வந்தாலும் தரவுத்தளமே மறுக்க வேண்டும்.

இரண்டு மின்விசிறிகளுக்கு என்ன செய்வது? தனி எண், தனித் தேதியோடு 4,720 ரூபாய்க்கு ஒரு கிரெடிட் நோட். அதில் மூல பில்லின் எண் இருக்கும். 94,400-இல் 4,720 போக, வரவேண்டியது 89,680. இரண்டு ஆவணமும் இரு தரப்பிலும் இருப்பதால் கணக்கு ஒத்துப்போகும். தொகை குறைவாகப் போட்டிருந்தால் டெபிட் நோட். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்லும் வழியும் இதுதான். மின்-இன்வாய்ஸாகப் பதிவான பில்லை அந்தத் தளத்தில் திருத்தவே முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், ஆனால் அதே எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது.

வடிவமைப்பாளர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வரைவு, வெளியானது, பணம் வந்தது, கெடு தாண்டியது எல்லாவற்றையும் ஒரே நிலைப் பட்டியலில் அடைத்துவிடுகிறார்கள். பாதிப் பணம் வந்த, கெடுவும் தாண்டிய பில்லை அப்போது எதில் வைப்பது? ஆவணத்தின் நிலைக்கு வரைவு, வெளியானது, ரத்தானது என்ற மூன்று போதும். பணம் எவ்வளவு வந்தது என்பதை ரசீதுகளைக் கூட்டித் தனியாகக் காட்டலாம். இந்தியாவில் உருவான ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் மென்பொருளில் `docstatus` என்ற புலம் 0, 1, 2 என இந்த மூன்றை மட்டுமே வைத்திருக்கிறது.

பூட்டு இன்னொரு வழியிலும் உடையும். பில்லில் வாடிக்கையாளரின் முகவரியையும் பொருளின் விலையையும் நகலெடுத்து வைக்காமல், ஒவ்வொரு முறையும் மூலப் பட்டியலிலிருந்து எடுத்துக் காட்டினால், இன்று விலையை ஏற்றியதும் போன வருட பில்லும் மாறிவிடும்.

பில் மென்பொருள் வாங்கப்போகிறவர்கள் இரண்டு சோதனை செய்து பாருங்கள். வெளியிட்ட பில்லில் எண்ணிக்கையை மாற்றிப் பாருங்கள். பிறகு பொருளின் விலையை மாற்றிவிட்டுப் பழைய பில்லைத் திறந்து பாருங்கள். இரண்டில் ஒன்றில் தொகை மாறினாலும் அதை வாங்காதீர்கள்.