வேக சார்ஜிங் மெதுவாகும்போது கோளாறு எங்கே?

டைப்-சி போனில் எந்த சார்ஜரைச் செருகினாலும் முதலில் வருவது 5 வோல்ட் மின்சாரம்தான். வேகம் அதற்குப் பிறகு வருகிறது. 25 வாட் அடாப்டர் ஒன்று, தன்னால் 5 வோல்ட்டில் 3 ஆம்பியரும் 9 வோல்ட்டில் 2.77 ஆம்பியரும் தர முடியும் என்று போனுக்குத் தெரிவிக்கும். போன் 9 வோல்ட்டைக் கேட்கும்; அடாப்டர் உயர்த்தும். கேபிளைச் செருகும் ஒவ்வொரு முறையும் சில நொடிகளில் இந்தப் பேச்சு நடந்து முடிகிறது. நடுவில் ஒரு செய்தி போய்ச் சேராவிட்டாலும், பாதுகாப்பு கருதி இரண்டும் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும்.

5,000 எம்ஏஎச் பேட்டரியை 25 வாட் சார்ஜர் ஒன்றரை மணி நேரத்துக்குள் நிரப்பிவிடலாம். 10 வாட்டில் அதற்கு இரண்டரை மணி நேரம் ஆகும். பேச்சு அடியோடு முறிந்து 2.5 வாட் மட்டும் கிடைத்தால் எட்டு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும்.

வேகம் குறைவதெல்லாம் கோளாறு அல்ல. பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டினாலும், போன் சூடானாலும், போனே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே பேட்டரி 30 சதவீதம் அளவில் இருக்கும்போது, போன் குளிர்ந்த நிலையில், திரையை அணைத்துவிட்டுச் சோதிப்பதே சரி.

முதலில் பார்க்க வேண்டியது போனின் போர்ட். அதற்குக் காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு: பிளக்கைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பிச் செருகுவது. டைப்-சி போர்ட்டில் பேச்சுக்கான பின்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. பிளக்கிலோ அவை ஒரு பக்கம் மட்டுமே. அதனால் பிளக்கைத் திருப்பும்போது போர்ட்டின் வேறு பின்கள் வேலைக்கு வருகின்றன. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஏறினால், கேபிளும் அடாப்டரும் பெரும்பாலும் குற்றமற்றவை. போர்ட்டில் ஒரு பக்கப் பின் அழுக்கேறியோ தேய்ந்தோ இருக்கிறது. இரண்டு பக்கமும் மெதுவாக இருந்தால் மட்டும் போர்ட் சுத்தம் என்று முடிவு கட்டக் கூடாது.

சட்டைப் பையின் நூல் தூசி போர்ட்டின் அடியில் சேர்கிறது. ஒவ்வொரு முறை செருகும்போதும் பிளக் அதை அழுத்தி அழுத்திக் கெட்டியாக்குகிறது. பிறகு பிளக் முழுதாக உள்ளே போகாது. 'க்ளிக்' என்ற பிடிப்பு இருக்காது. கேபிளை லேசாக அசைத்தால் சார்ஜிங் விட்டு விட்டு வரும். போனை அணைத்துவிட்டு, மெல்லிய மரப் பல்குச்சியால் நடுவிலுள்ள நாக்கைத் தொடாமல் சுற்றிலும் மெதுவாகக் கிளறி எடுத்தால் தூசி கட்டியாகவே வெளிவரும். ஊசியும் சேஃப்டி பின்னும் வேண்டாம். அவை பின்களை வளைத்துவிடும். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும்.

அடுத்தது கேபிள். இது இரண்டு விதமாகக் கெடும். டைப்-ஏ முனை கொண்ட கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு தடித்த கம்பிகளும் பேச்சுக்கு இரண்டு மெல்லிய கம்பிகளும் இருக்கின்றன. அடிக்கடி மடங்கும் கழுத்துப் பகுதியில் மெல்லிய கம்பி அறுந்தால் சார்ஜ் ஏறும், ஆனால் திரையில் "Fast charging" வராது. அதே கேபிளைக் கணினியில் செருகி கோப்புகளை அனுப்பிப் பார்த்தால், அனுப்ப முடியாமல் போவதே சான்று. மலிவான சில கேபிள்களில் அந்தக் கம்பிகளே வைக்கப்படுவதில்லை.

இன்னொரு கேடு, மின்சாரக் கம்பி மெலிதாக இருப்பது. போய்வரும் வழியில் மொத்தம் 0.25 ஓம் தடை இருந்தால், 2 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 5 வோல்ட்டில் இந்த இழப்பு பெரிது. வோல்ட் சரிவதைக் கண்டதும் போன் ஆம்பியரைக் குறைத்துவிடும். 9 வோல்ட்டில் அதே இழப்பு அவ்வளவாக உறைக்காது. இத்தகைய கேபிளில் வேக சார்ஜிங் என்ற அறிவிப்பு வந்தாலும் நேரம் மட்டும் கூடுதலாகும், கேபிளும் சுடும்.

போர்ட்டைச் சுத்தம் செய்து, நல்ல கேபிளும் மாற்றிய பிறகும் மெதுவாக இருந்தால்தான் அடாப்டரைச் சந்தேகிக்க வேண்டும். அதன் முதுகில் "Output" என்ற வரியில் 5V மட்டும் அச்சிட்டிருந்தால் அதனால் பெரும்பாலும் வேகம் தர முடியாது. 9V இருந்தும் வேகம் வராவிட்டால், இரண்டும் பேசும் முறை வேறாக இருக்கலாம். யூஎஸ்பி பவர் டெலிவரி ஒரு முறை, குவிக் சார்ஜ் வேறு, ஒப்போவின் சூப்பர்வூக் வேறு. அதனால்தான் 65 வாட் லேப்டாப் அடாப்டர்கூட 80 வாட் சூப்பர்வூக் போனுக்கு முழு வேகம் தராது. இரண்டு துளை உள்ள அடாப்டரில் இன்னொரு போனைச் செருகியதும் வேகம் இறங்குவதும் உண்டு. மொத்த வாட்டை அது பங்கு பிரித்து, இரண்டு போன்களிடமும் புதிதாகப் பேசுகிறது. இவை எதுவும் இல்லாமல், முன்பு அதே அடாப்டரில் வேகமாக ஏறிய வேறொரு போனும் இப்போது மெதுவாக ஏறினால் பழுது அடாப்டரில்தான்.

மூன்றையும் மாற்றிப் பார்த்தும் மாற்றமில்லை என்றால் மிஞ்சுவது போனுக்குள் இருக்கும் போர்ட்டின் தேய்மானமோ சார்ஜிங் சிப்போ. பல போன்களில் போர்ட் தனியான ஒரு சின்ன சார்ஜிங் போர்டில் இருக்கிறது. பழுது அதில் இருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். மதர்போர்டைத் தொட வேண்டியதில்லை.