வெபினார் குறிப்பிலிருந்து பயிற்சி வீடியோ வரை

ஒரு வரி ஆலோசகர் சிறு வணிகர்களுக்காக இ-வே பில் பற்றி ஒரு மணி நேர வெபினார் நடத்தி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் ஸ்லைடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் தனக்காக எழுதிவைத்த குறிப்புகள் இருக்கின்றன. முழு நிகழ்ச்சியின் பதிவும் கையில் இருக்கிறது. கடையில் புதிதாகச் சேரும் பில்லிங் ஆட்களுக்கு இதையே பயிற்சி வீடியோவாகக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். பதிவைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி.

அந்த வழி பலன் தருவதில்லை. எட்எக்ஸ் தளத்தின் பாட வீடியோக்களை மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். வகுப்பறையில் பதிவுசெய்த உரையை எவ்வளவு நேர்த்தியாக வெட்டித் தந்தாலும், வீடியோவுக்கென்றே திட்டமிட்டு எடுத்தவை அளவுக்கு அது மாணவர்களைப் பிடித்து வைக்கவில்லை. குட்டையான வீடியோக்களே அதிகம் பார்க்கப்பட்டன; எவ்வளவு நீளமான வீடியோவாக இருந்தாலும், பார்க்கும் நேரத்தின் இடைநிலை ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆகவே வெபினாரை மூலப்பொருளாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்கிரிப்டைப் புதிதாக எழுத வேண்டும்.

முதல் வேலை எல்லாவற்றையும் ஒரே காகிதத்துக்குக் கொண்டுவருவது. விண்டோஸ் கணினியின் பவர்பாயின்டில் File → Export → Create Handouts போனால், ஸ்லைடும் அதன் குறிப்பும் சேர்ந்து வேர்டு கோப்பாக வரும். பதிவை ஓடவிட்டு, பேச்சாளர் உண்மையில் பேசியதை அந்தந்த ஸ்லைடுக்கு நேராக எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது. குறிப்பு என்பது பேசுபவர் தன் நினைவுக்காக எழுதுவது. "200. லாரி கதை. கேள்வி வரும்" என்று அதில் இருந்தால் அவருக்கு மட்டும்தான் புரியும். அந்த லாரி கதை பதிவில்தான் இருக்கிறது.

பதிவின் கடைசியில் வரும் கேள்வி நேரத்தைத் தனியாகப் பாருங்கள். என் மதிப்பில் முழு வெபினாரிலும் அதிகம் பயன்படும் பகுதி அதுதான். எங்கே புரியவில்லை என்பதைக் கேட்டவர்களே அங்கே சொல்லிவிடுகிறார்கள். நம் உதாரணத்தில் ஒருவர், "வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால், புது எண்ணைப் போட்டதும் பில்லுக்குக் கூடுதல் நாள் கிடைக்குமா?" என்று கேட்கிறார். கிடைக்காது. வண்டி எண்ணை மாற்றினாலும் பழைய கெடு அப்படியேதான் இருக்கும். எந்த ஸ்லைடிலும் இல்லாத இந்தச் செய்திக்கு வீடியோவில் கட்டாயம் இடம் வேண்டும்.

அடுத்தது தேதி பார்ப்பது. ஸ்லைடுகள் பெரும்பாலும் பழைய ஸ்லைடுகளிலிருந்து நகல் எடுத்தவை. இ-வே பில்லில் முன்பு 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் சாதாரணச் சரக்குக்கு அது 200 கிலோமீட்டர் ஆனது. பழைய எண் ஒரு ஸ்லைடில் தங்கியிருந்தால், வெபினாரில் பேச்சாளர் வாயாலேயே திருத்திவிடுவார். வீடியோவில் திருத்த ஆள் இல்லை. இப்படி மாறக்கூடிய எண்களை அடிக்கோடிட்டு, நடப்பு விதியோடு ஒப்பிட்ட பிறகே எழுத உட்காருங்கள்.

இப்போது ஒரு ஸ்லைடை எடுத்துச் செய்து பார்ப்போம். "செல்லுபடிக் காலம்" என்று தலைப்பு. கீழே ஐந்து வரி விதி. வெபினாரில் அதைத் திரையில் வைத்தே ஆலோசகர் ஆறு நிமிடம் பேசினார். வீடியோவில் ஐந்து வரியையும் காட்டி, அதே வரிகளைக் குரலிலும் வாசித்தால் பார்ப்பவர் திண்டாடுவார். கண் ஒரு வேகத்தில் படிக்கும், காது வேறொரு வேகத்தில் கேட்கும். படமும் குரலும் மட்டும் இருக்கும் பாடம், அதே குரலின் எழுத்தும் திரையில் சேர்ந்த பாடத்தைவிட நன்றாக மனதில் பதிகிறது என்று ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டின. எனவே விதி குரலுக்குப் போகட்டும். திரையில் அந்த விதி நடப்பதைக் காட்டுவோம். ஸ்கிரிப்டை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் குரல் என்று எழுதினால் இது தானாகவே அமையும்.

காட்சி: வரைபடத்தில் சென்னை, மதுரை. நடுவில் "460 கி.மீ." என்ற எண் மட்டும்.

குரல்: "சென்னையிலிருந்து மதுரைக்குச் சரக்கு போகிறது. தூரம் 460 கிலோமீட்டர். முதல் 200-க்கு ஒரு நாள். அடுத்த 200-க்கு இன்னொரு நாள். மீதி 60-க்கும் ஒரு முழு நாள் உண்டு. மொத்தம் மூன்று நாள்."

காட்சி: திங்கள் முதல் வியாழன் வரை நான்கு கட்டங்கள். சொல்லச் சொல்ல நிறம் மாறுகிறது.

குரல்: "வண்டி எண்ணைத் திங்கள் மாலை நான்கு மணிக்குப் பதிகிறீர்கள். முதல் நாள் செவ்வாய் நள்ளிரவில் முடியும். மூன்றாவது நாள் வியாழன் நள்ளிரவில் முடியும். அதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும்."

ஆறு நிமிடப் பேச்சு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. "போன ஸ்லைடில் பார்த்தோமே", "சாட்டில் ஒருவர் கேட்டிருக்கிறார்", "எல்லோருக்கும் கேட்கிறதா" போன்றவை தாமாகவே உதிர்ந்துவிட்டன. வாக்கியங்கள் குட்டையாக இருப்பதையும் கவனியுங்கள். எழுத்தில் அழகாக இருக்கும் நீண்ட எச்ச வாக்கியம் குரலில் மூச்சு வாங்கும்.

நேரத்தைக் கணிக்க ஆங்கிலத்தில் சொல்லப்படும் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கு நமக்கு உதவாது. தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டிச் சொல் நீண்டுவிடும். வாசிக்கப்போகிறவரே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்து, கடிகாரத்தில் பார்த்துக்கொள்வதே நம்பகமானது. அந்த அளவை வைத்து மொத்த நேரத்தைக் கணக்கிட்டு, ஆறு நிமிடத்தைத் தாண்டினால் பொருளைப் பிரித்து இரண்டு வீடியோவாக்குங்கள். செல்லுபடிக் காலம் ஒன்று, வண்டி மாற்றம் இன்னொன்று.

பதிவை பவர்பாயின்டிலேயே செய்யலாம். அதில் குரல் ஸ்லைடு வாரியாகச் சேமிக்கப்படுவதால், நாளை விதி மாறினால் அந்த ஒரு ஸ்லைடை மட்டும் திரும்பப் பேசி மறுபடி வீடியோவாக ஏற்றுமதி செய்துவிடலாம். ஆனால் ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும் நொடியில் குரல் பதிவாகாது. மாறி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுப் பேசத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் முதல் சொல்லின் தலை வெட்டுப்பட்டிருக்கும். இ-வே பில் தளத்தின் திரையைக் காட்டும் இடத்தில், உண்மையான வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணும் கைபேசி எண்ணும் தெரியாதபடி மறைப்பதும் முக்கியம்.

குரல் பதிவுக்கு முன் ஒரு சோதனை மிச்சம். இந்த வேலையே தெரியாத ஒருவரிடம் ஸ்கிரிப்டை வாசித்துக் காட்டி, வேறொரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 350 கிலோமீட்டர், புதன் காலை பத்து மணிக்கு வண்டி எண் பதிவு. கெடு என்று முடிகிறது? 350-க்கு இரண்டு நாள், ஆகவே வெள்ளி நள்ளிரவு என்பது சரியான விடை. அவர் "வியாழன்" என்றால், பதிவு செய்த புதனையே முதல் நாளாக எண்ணிவிட்டார் என்று பொருள். நம் ஸ்கிரிப்ட் அந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டியிருக்கிறது. திங்கள் கட்டம் நிறம் மாறாமல் இருக்க, குரலில் ஒரு வரி சேர வேண்டும்: "பதிவு செய்த திங்கள் மாலையைத் தனி நாளாக எண்ண வேண்டாம். செவ்வாய் நள்ளிரவு வரை சேர்த்துத்தான் முதல் நாள்."