வெண்டர் ‘ஆம்’ என்கிறார், எந்தக் கேள்விக்கு?

600 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலை, தன் சம்பளக் கணக்கை கிளவுட் மென்பொருள் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊழியர்களின் பான், வங்கிக் கணக்கு எண், சம்பளம் எல்லாம் அங்கே போய்ச் சேரும். எனவே ஒப்பந்தத்துக்கு முன்னால் வெண்டருக்கு ஒரு பாதுகாப்புக் கேள்வித்தாள் போகிறது. கிளவுட் செக்யூரிட்டி அலையன்ஸ் வெளியிடும் பட்டியலை எடுத்துக்கொண்டால் அதில் 250க்கும் மேற்பட்ட கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதிய எக்ஸெல் கோப்பு திரும்பி வருகிறது. ஐ.டி. மேலாளருக்கு அதை முழுக்கப் படிக்க நேரம் இல்லை. எங்கே ஓட்டை, அதனால் நமக்கு என்ன ஆகும் என்று ஒரே பக்கத்தில் கேட்கிறார்.

எத்தனை ‘ஆம்’, எத்தனை ‘இல்லை’ என்று எண்ணிச் சதவீதம் போடுவதுதான் பலர் செய்வது. அந்தச் சதவீதத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ‘இல்லை’ என்று எழுதுபவரால் அவ்வளவு ஆபத்து இல்லை. அவர் விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டார். கவனமாகப் படிக்க வேண்டியது ‘ஆம்’களைத்தான்.

ஒரு கேள்வி: “வாடிக்கையாளர் தரவைத் தொடும் உங்கள் ஊழியர்கள் எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமா?” பதில்: “ஆம். எங்கள் மென்பொருளில் வாடிக்கையாளர்கள் இந்த வசதியை இயக்கிக்கொள்ளலாம்.” கேட்டது அவர்களுடைய ஆட்களைப் பற்றி, வந்த பதிலோ நம்முடைய ஆட்களைப் பற்றி. வெண்டரின் டேட்டாபேஸ் நிர்வாகி வெறும் பாஸ்வேர்டோடு உள்ளே போகிறாரா என்பது இன்னும் தெரியவில்லை. சுருக்கத்தில் இதை ‘வசதி இல்லை’ என்று எழுதினால் அது தவறு. ‘கேள்விக்குப் பதில் வரவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். வசதி இல்லை, பதில் இல்லை, சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்ற மூன்றும் வேறு வேறு. முதலாவதை வெண்டர் சரிசெய்ய வேண்டும்; மற்ற இரண்டும் பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலில் தீர்ந்துவிடும்.

அடுத்தது ஆதாரம். “எங்களிடம் எஸ்.ஓ.சி. 2 அறிக்கை இருக்கிறது” என்று இணைத்திருப்பார்கள். அது முதல் வகையா, இரண்டாம் வகையா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட நாளில் கட்டுப்பாடுகள் சரியாக வடிவமைக்கப்பட்டிருந்தன என்பதை மட்டும் சொல்வது முதல் வகை. சில மாதங்கள் அவை உண்மையிலேயே வேலை செய்தனவா என்று தணிக்கையாளர் சோதித்துச் சொல்வது இரண்டாம் வகை. பிறகு தணிக்கைக் காலம் எப்போது முடிந்தது, நாம் வாங்கும் சம்பள மென்பொருள் அந்த எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அறிக்கை அதே நிறுவனத்தின் வேறொரு மென்பொருளைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

அதே அறிக்கையில் யாரும் புரட்டாத ஒரு பகுதி உண்டு: வாடிக்கையாளர் செய்ய வேண்டியவை. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீங்களே முடக்க வேண்டும் என்பது போன்ற வரிகள் அங்கே இருக்கும். அதை நம் மனிதவளத் துறை செய்யாவிட்டால், ஓட்டை நம் பக்கம். என்னைக் கேட்டால், சுருக்கத்தில் இதற்குத் தனி வரி கொடுத்தே ஆக வேண்டும். வெண்டரைக் குறை சொல்லும் காகிதத்தில் நம் வேலையை எழுத யாருக்கும் மனம் வராது என்பது வேறு விஷயம்.

பேக்கப் பற்றிய பதில்: “தினமும் எடுக்கிறோம், என்கிரிப்ட் செய்கிறோம்.” திரும்ப மீட்டெடுத்துப் பார்த்தார்களா, அதற்கு எத்தனை மணி நேரம் ஆனது என்ற கேள்விகளின் பக்கமே போகவில்லை. இங்கேதான் ஓட்டையை ஆபத்தாக மாற்றி எழுத வேண்டும். ‘மீட்புச் சோதனைக்கு ஆதாரம் இல்லை’ என்பது ஓட்டை. ‘மாதக் கடைசியில் சர்வர் விழுந்தால், கடைசி பேக்கப்புக்குப் பிறகு பதிவான வருகையும் ஓவர்டைமும் போய்விடலாம், சம்பளம் எப்போது போடுவோம் என்று சொல்ல முடியாது’ என்பது ஆபத்து. மேலாளர் இதைப் படித்தால் உடனே முடிவெடுப்பார். ஊழியர் விடுப்புப் பட்டியல் மட்டுமே வெண்டரிடம் இருந்தால், இதே ஓட்டை பக்கத்தின் அடிவரிசைக்குப் போய்விடும்.

“தரவு கசிந்தால் தாமதமின்றித் தெரிவிப்போம்” என்பதும் அப்படித்தான். 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் உத்தரவின்படி, இத்தகைய சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதைப் புகாரளிக்க வேண்டும். வெண்டர் நமக்கு எப்போது சொல்வார் என்பதற்கு மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும். ‘தாமதமின்றி’ என்பதை வைத்துக்கொண்டு யாரையும் பிடிக்க முடியாது.

ஆக, மேலாளரின் மேசைக்குப் போகும் பக்கத்தில் ஐந்தாறு வரிகள்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் வெண்டர் சொன்னது அவருடைய வார்த்தையிலேயே, கேள்வி எண்ணோடு. பிறகு குறை, அதனால் நமக்கு வருவது, கேட்க வேண்டியது, யார் எந்தத் தேதிக்குள் கேட்பது. இரட்டைச் சரிபார்ப்புக்குத் தெளிவான பதில் வரும்வரை கையெழுத்து இல்லை என்று அவர் முடிவு செய்யலாம். மீட்புச் சோதனையை “அடுத்த காலாண்டில் செய்கிறோம்” என்று வெண்டர் சொன்னால், அந்தத் தேதியை ஒப்பந்தத்தில் ஏற்றி, அதுவரை சம்பளப் பட்டியலின் நகலை ஒவ்வொரு மாதமும் தன் பக்கம் இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.