ஈசினோபில் இறங்காமல் நின்றால்

ரத்தப் பரிசோதனைத் தாளில் ஈசினோபில் கூடியிருந்தால், தும்மலுக்கும் இளைப்புக்கும் காரணம் தெரிந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஒவ்வாமையும் குடற்புழுவும் இந்த வெள்ளையணுக்களைக் கூட்டும். ஆனால், சிலருக்கு எண்ணிக்கை பல மடங்கு ஏறி, இறங்காமலே நிற்கும்.

நாற்பது வயதுக்காரர் ஒருவர் மூச்சுவாங்குகிறது என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மொத்த வெள்ளையணுக்கள் 12,000; அதில் ஈசினோபில் 40 சதவீதம். அதாவது, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,800. இயல்பாக இது 500-ஐத் தாண்டாது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும் 1,500-க்கு மேலேயே நின்று, அதனால் ஏதேனும் உறுப்பும் பழுதாகி, வேறு விளக்கம் இல்லையென்றால், அதுதான் ஹைப்பர் ஈசினோபிலிக் சின்ட்ரோம். 1975-இல் வகுத்த இலக்கணப்படி ஆறு மாதம் பார்க்க வேண்டும். அதற்குள் இதயம் கெட்டுவிடும் என்பதால் இன்று யாரும் அவ்வளவு காத்திருப்பதில்லை.

ஆம், முதல் கவலை இதயம்தான். புழுக்களைக் கொல்ல ஈசினோபில் வைத்திருக்கும் நச்சுப் புரதங்கள் இதயத்தின் உட்சுவரில் கசிந்து புண்ணாக்குகின்றன. புண்ணின்மேல் ரத்தக்கட்டி படியும். கடைசியில் தழும்பாகி இதயம் விறைத்துவிடும். தொடக்கத்தில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது, எக்கோவும் சுத்தமாக இருக்கலாம். அதனால் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும், சந்தேகம் இருந்தால் இதய எம்.ஆர்.ஐ.யும் சேர்த்தே பார்ப்பார்கள். எண்ணிக்கையை வைத்துச் சேதத்தை அளக்கவும் முடியாது: 20,000 இருப்பவர் நலமாக இருப்பார், 3,000 இருப்பவரின் இதயம் பழுதாகியிருக்கும்.

ஸ்டீராய்டு கொடுத்தால் எண்ணிக்கை சட்டென்று இறங்கும். ஆனால், அதற்குமுன் ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் புழு இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் தோல்வழியே நுழைந்து பல பத்தாண்டுகள் உடலில் தங்கக்கூடியது அது. மலப் பரிசோதனையில் அடிக்கடி தப்பிவிடும் என்பதால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடுவார்கள். அந்தப் புழு இருக்க ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால், அது உடலெங்கும் பெருகி உயிரையே வாங்கிவிடலாம். அவசரமென்றால் ஐவர்மெக்டினையும் உடன் கொடுப்பார்கள். சாப்பிட்டுவரும் மருந்துகளையும் ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். சில மருந்துகளும் ஈசினோபிலை ஏற்றும்.

நம் நோயாளிக்குப் புழு இல்லை. மண்ணீரல் வீங்கியிருக்கிறது, மாத்திரை எதுவும் எடுக்காமலே பி12 அளவு எகிறியிருக்கிறது. இரண்டும் எலும்பு மஜ்ஜையைக் காட்டும் அறிகுறிகள். நான்காம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு உதிர்ந்து, அதன் இருபுறமும் இருந்த இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதும் ஒரு காரணம் என்று 2003-இல் கண்டுபிடித்தார்கள். அநேகமாக ஆண்களுக்கே வருவது இது. வழக்கமான குரோமோசோம் பரிசோதனையில் தெரியாது. 'ஃபிஷ்' பரிசோதனை வேண்டும். இது உறுதியானால் இமாட்டினிப் மாத்திரை, நாளுக்கு 100 மில்லிகிராமே பெரும்பாலும் போதும். சில வாரங்களில் ரத்தம் சீராகும். இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் முதல் சில நாள்கள் ஸ்டீராய்டும் துணைக்கு வரும். இந்த மரபணுக் கோளாறு இல்லாதவர்களுக்கு ஸ்டீராய்டும், 2020 முதல் அமெரிக்காவில் இதற்கென அனுமதி பெற்றிருக்கும் மெப்போலிசுமாப் ஊசியும் உண்டு. ஆனால், இதயத்தில் விழுந்த தழும்பை எந்த மருந்தும் அழிக்காது.

ஆகவே, உங்கள் எண்ணிக்கை இரண்டு முறையும் 1,500-ஐத் தாண்டினால் தும்மல் மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள். ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள். இதயத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.