நட்சத்திரம் குறைந்தால் கூலி குறைகிறது!

கோவை பீளமேட்டில் அவினாசி ரோடு எந்நேரமும் நெரிசலாகவே இருக்கும். 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் 3-ந் தேதி அங்கே ஃபன் மால் அருகே ஒரு சம்பவம் நடந்தது. ஸ்விக்கி கம்பெனிக்காக வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் ஒருவர், தாறுமாறாக வந்ததாகச் சொல்லி ஒரு பள்ளிக்கூட பஸ்சை மறித்துக் கேட்டார். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். நியாயம் கேட்டவரின் கன்னத்தில் பளார் என்று அறைந்தார்!

யாரோ அதைச் செல்போனில் படம் எடுத்துவிட்டார்கள். படம் நாடெங்கும் பரவியது. போலீஸ்காரர் கண்ட்ரோல் ரூமுக்கு மாற்றப்பட்டார்.

அந்த அடியை ஊரே பார்த்தது. அதனால் கேட்க ஆள் இருந்தது. ஆனால் இந்தத் தொழிலில் யார் கண்ணுக்கும் தெரியாத அடி ஒன்று உண்டு. அது தினமும் விழுகிறது. சத்தம் இல்லாமல் விழுகிறது.

சம்பளம் இல்லாத கூட்டாளி

ஓட்டலில் இருந்து சாப்பாடு கொண்டு வரும் வாலிபருக்கு மேஸ்திரி கிடையாது. சூபர்வைசர் முகத்தை அவர் பார்ப்பதும் அபூர்வம். எங்கே போக வேண்டும், எத்தனை நிமிடத்தில் போக வேண்டும், எவ்வளவு கூலி என்பதையெல்லாம் செல்போனில் இருக்கும் 'ஆப்' சொல்கிறது. கம்பெனியின் கம்ப்யூட்டர் போட்டு வைத்த கணக்குப்படி அது சொல்கிறது.

இவரைக் கம்பெனி 'தொழிலாளி' என்று அழைப்பதில்லை. 'பார்ட்னர்' என்று அழைக்கிறது. அதாவது கூட்டாளி! வண்டி இவருடையது, பெட்ரோல் இவருடையது, செல்போன் இவருடையது. லாபத்தில் மட்டும் பங்கு இல்லை.

ஒரு நடைக்கு என்ன மிஞ்சும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாலிபர் பி.எஸ்.ஜி. கல்லூரி அருகே நிற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். ஹோப் காலேஜில் ஒரு ஓட்டலில் பிரியாணி எடுத்து, விளாங்குறிச்சியில் கொடுக்க வேண்டும். ஓட்டலுக்கு 2 கிலோமீட்டர். அங்கே இன்னும் பொட்டலம் கட்டவில்லை. 20 நிமிடம் நிற்கிறார். பிறகு 4 கிலோமீட்டர் போய்க் கொடுக்கிறார். விளாங்குறிச்சியில் அடுத்த ஆர்டர் வரவில்லை. 4 கிலோமீட்டர் வெறும் வண்டியாகத் திரும்புகிறார். ஆக 10 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால், பெட்ரோலுக்கு மட்டும் சுமார் 25 ரூபாய்.

இந்த நடைக்கு ஆப் 40 ரூபாய் கொடுத்தால் கையில் நிற்பது 15 ரூபாய். ஆன நேரமோ ஏறக்குறைய ஒரு மணி! டயர் தேய்மானமும் ஆயில் செலவும் இன்னும் கழிக்கவில்லை. வெறுமனே திரும்பி வந்த தூரத்தைத்தான் பலர் கணக்கில் சேர்க்க மறந்து விடுகிறார்கள்.

பிறகு எப்படிக் குடும்பம் நடக்கிறது? 'இன்சென்டிவ்' என்ற ஊக்கத் தொகையால் நடக்கிறது. ஒரு நாளில் 15 ஆர்டர் முடித்தால் 150 ரூபாய் கூடுதல் என்று வைத்துக் கொள்ளுங்கள். 14 முடித்துவிட்டார். மணி இரவு பத்தரை. 15-வது ஆர்டர் வரவில்லை. ஆர்டரை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பதும் அதே ஆப்தான்! 150 ரூபாயும் போயிற்று. ஏன் வரவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஒற்றை நட்சத்திரம்

அடுத்தது நட்சத்திரம். சாப்பாடு வந்ததும் நாம் செல்போனில் 5 நட்சத்திரம் வரை மார்க்குப் போடுகிறோம். நமக்கு அது ஒரு நொடி வேலை. கொண்டு வந்தவருக்கு அது பிழைப்பு. சராசரி மார்க்கு குறைந்தால் நல்ல நேரத்து வேலை கிடைப்பது குறையலாம். ஊக்கத் தொகை போகலாம். ஒரேயடியாகக் குறைந்தால் 'ஐ.டி. பிளாக்', அதாவது ஆப் திறக்காது. வேலை போயிற்று என்று பொருள்.

20 பேர் மார்க்குப் போட்டார்கள். 19 பேர் 5 நட்சத்திரம். ஒருவர் மட்டும் கோபத்தில் 1 நட்சத்திரம். கூட்டினால் 96. சராசரி 4.8. இதை 4.9 ஆக்க வேண்டுமானால், இதன் பிறகு தொடர்ந்து இன்னும் 20 பேர் 5 நட்சத்திரம் போட வேண்டும். இடையில் ஒருவர்கூட முகம் சுளிக்கக் கூடாது! மார்க்குப் போடுகிறவர்களோ சிலர்தான். திருப்தி அடைந்தவர் சாப்பிடப் போய்விடுகிறார். கோபக்காரர்தான் மறக்காமல் போடுகிறார்.

அந்தக் கோபமும் பல சமயம் வேறு யார் மேலோ வந்த கோபம். சமையல் தாமதமானது ஓட்டலில். லிப்ட் ஓடாதது அடுக்கு மாடி வீட்டில். சால்னா கொட்டியது கட்டிய கட்டில். தண்டனை மட்டும் கொண்டு வந்தவருக்கு. பல ஆப்களில் சாப்பாட்டுக்குத் தனி மார்க்கு, கொண்டு வந்தவருக்குத் தனி மார்க்கு என்று இரண்டு இடம் இருக்கிறது. வீட்டில் குழந்தைகளிடம் செல்போனைக் கொடுத்து அழுத்தச் சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆலையில் இருந்த சட்டம்

பீளமேடு பஞ்சாலை ஊர். சங்கு ஊதினால் வேலைக்கு ஓடிய தாத்தாக்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அந்தக் காலத்து ஆலைகளிலும் அபராதம் இருந்தது. ஆனால் 1936-ல் சம்பளப் பட்டுவாடா சட்டம் வந்தது. எந்தக் குற்றத்துக்கு அபராதம் என்று முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அபராதம் போடுமுன் தொழிலாளியின் சமாதானத்தைக் கேட்க வேண்டும். சம்பளத்தில் ரூபாய்க்கு அரை அணாவுக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிடித்த பணத்தையும் முதலாளி எடுத்துக் கொள்ளக் கூடாது. தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். இப்படிச் சொன்னது அந்தச் சட்டம். இன்றைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அபராதத்துக்கு 3 சதவீத வரம்பு இருக்கிறது.

ஆப்பில் இந்த விதி செல்லுபடியாவதில்லை. காரணம் இரண்டு. இவர் 'தொழிலாளி' அல்ல, 'கூட்டாளி'. அத்துடன் பிடித்தத்துக்கு அங்கே அபராதம் என்று பெயர் இல்லை. 'ஊக்கத் தொகை கிடைக்கவில்லை' என்று பெயர். பெயரை மாற்றினால் சட்டம் விலகிக் கொள்கிறது! கூலிக் கணக்கையே கம்பெனி மாற்றினாலும் செல்போனில்தான் தெரிய வருகிறது. 2022 செப்டம்பரில் சென்னையில் ஸ்விக்கி ஊழியர்கள் அப்படி வந்த ஒரு புது முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள்.

தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் இவர்களுக்கென ஒரு நல வாரியம் அமைத்தது. பதிவு செய்து கொண்டால் விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி முதலியவை கிடைக்க வழி உண்டு. நல்லதுதான். ஆனால் அது விழுந்த பிறகு தூக்கி விடும் கை. ஒரு நடைக்கு எவ்வளவு கூலி, நட்சத்திரம் குறைந்தால் என்ன செய்யலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

அந்த விஷயத்தில் பக்கத்து மாநிலமான கர்நாடகம் ஓர் அடி முன்னே போயிருக்கிறது. 2025-ல் அங்கே வந்த சட்டம், மார்க்கும் வேலைப் பங்கீடும் எப்படி நடக்கின்றன என்பதைத் தொழிலாளிக்கு விளக்க வேண்டும் என்கிறது. கூலியில் பிடித்தால் காரணம் காட்ட வேண்டும். வேலையை விட்டு நீக்குவதானால் காரணத்தை எழுத்தில் கொடுத்து 14 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்கிற நாள் வரும்போது கையில் கணக்கு வேண்டும். ஆப்பில் பழைய விவரம் எப்போதும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. இரண்டு ரூபாய் பேனாவும் ஒரு சின்ன நோட்டும் போதும். ஆர்டர் வந்த நேரம், ஓட்டலில் நின்ற நிமிடம், வெறும் வண்டியாகத் திரும்பிய கிலோமீட்டர், கிடைத்த ரூபாய் ஆகிய நான்கையும் ஒவ்வொரு நடைக்கும் எழுதி வைக்கலாம். கூலி குறைந்த அன்றைக்கு ஆப் காட்டும் திரையைச் செல்போனிலேயே படம் எடுத்து வைக்கலாம்.